திகதி வரிசையில் ஒரு பக்கம்

கடைக்காரருடனோ கம்பனியுடனோ பிணக்கு ஏற்பட்டு, கடிதம் எழுதியும் நேரில் அலைந்தும் களைத்துப்போய், கடைசியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத அமரும் எம்மவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகவே தொடங்குகின்றனர். "மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓர் ஏழை விவசாயி. யுத்தத்தினால் இடம்பெயர்ந்து பெரும் இன்னல்களுக்கு மத்தியில் வாழ்ந்து வருகின்றேன்" என்று ஆரம்பித்து, பட்ட துன்பமெல்லாம் சொல்லி முடிந்த பின்னர், மூன்றாம் பக்கத்தில்தான் வாங்கிய பொருள் எதுவென்பது வருகிறது. அதை வாங்கிய திகதி சில வேளைகளில் வராமலே போய்விடுகிறது.

சொல்லப்பட்ட துன்பம் பொய்யல்ல. 1990இலும், 2004 கடற்கோளிலும், 2006 கடைசியிலிருந்து 2007 தொடக்கம் வரை வாகரைப் பக்கத்திலிருந்து வெளியேறியபோதும் எமது குடும்பங்கள் பட்டதை எந்தப் பெட்டிசமும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் முறைப்பாட்டைக் கையில் எடுக்கும் அலுவலர் முதலில் தேடுவது வேறு. எதை, எவரிடம், எந்த நாளில் வாங்கினார்? எப்போது பழுதானது? எப்போது அறிவித்தார்? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்? இவை ஒரு பக்கத்தில் திகதி வரிசையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். எட்டுக் கடிதங்களை ஊசி குத்தி அனுப்பினால், அந்த வரிசையை அவரே பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். அவர் எடுக்காமலும் விடலாம். ஆகவே திகதி வரிசையில் அமைந்த சுருக்கமே முதற் பக்கமாக இருக்க வேண்டும், வேறு எதைச் சொல்வதானாலும் அதன் பிறகே சொல்ல வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

திகதிக்கு நாம் இவ்வளவு முக்கியம் கொடுப்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பொருள் உத்தரவாதத்துக்கு அமைவாக இல்லையென்றால் அதிகார சபை விசாரிக்கலாம் என்று சொல்கிறது. விசாரணையில் வியாபாரிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்கப்படும். முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம். கட்டளையை மதிக்காதவரிடமிருந்து நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அப்பணம் அறவிடப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே பிரிவு, முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். பழுதான நாளிலிருந்து மூன்று மாதமல்ல, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம். உத்தரவாத அட்டையில் ஒரு வருடம் என்று இருப்பதைக் கண்டு, இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று பலர் ஆறுதலாக இருந்துவிடுகின்றனர். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று மாதத்தில் ஒரு கிழமை கழிகிறது. 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டதனால் காரியம் முடிந்தது என்று நினைப்பதும் சரியல்ல. அது வழி கேட்க உதவும், ஆனால் சட்டம் கேட்பது எழுத்து.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது நாம் விளக்கத்துக்காக அமைத்தது, எந்தக் கடையையும் குறிப்பதல்ல. கல்குடாப் பக்கத்து மணற் காணியில் கச்சானும் மிளகாயும் செய்யும் ஒரு குடும்பம், கிணற்றிலிருந்து நீர் இறைக்க ஒரு பெற்றோல் பம்மை 68,000 ரூபாவுக்கு வாங்குகிறது. மூன்று கிழமைக்குள் பம் அரை மணித்தியாலம் ஓடியதும் தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிடுகிறது. இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. அதன்பின் நடந்தவை எல்லாம் முறைப்பாட்டின் முதற் பக்கத்தில் இப்படி வரவேண்டும்:

06.05.2024 – கடையில் பம் வாங்கினேன். விலை 68,000 ரூபா. உத்தரவாதம் 12 மாதம். (பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை: இணைப்பு 1, 2)

24.05.2024 – தண்ணீர் இழுப்பது நின்றது. அன்றே கடைக்கு நேரில் சென்று சொன்னேன். எழுத்தில் எதுவுமில்லை.

31.05.2024 – திருத்தத்துக்காகப் பம்மைக் கடையில் ஒப்படைத்தேன். (வேலைத் துண்டு: இணைப்பு 3)

14.06.2024 – பம் திரும்பக் கிடைத்தது. துண்டில் "சீல் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டதாக நான் கையொப்பமிட்டேன். (இணைப்பு 4)

20.06.2024 – அதே பழுது மீண்டும் ஏற்பட்டது.

24.06.2024 – மாற்றித் தரும்படி அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம். (பிரதியும் தபாற் கந்தோர் துண்டும்: இணைப்பு 5)

03.07.2024 திகதியிட்ட கம்பனிக் கடிதம், 08.07.2024இல் கிடைத்தது – மணல் உட்புகுந்ததனால் உத்தரவாதம் செல்லாது என்கிறது. ஆங்கிலத்தில் உள்ளது. (இணைப்பு 6)

12.07.2024 – அதை மறுத்துப் பதிவுத் தபாலில் கடிதம், 14 நாளில் பதில் கேட்டு. (இணைப்பு 7)

26.07.2024 – பதில் இல்லை.

கோரிக்கை: 68,000 ரூபா அல்லது பழுதற்ற புதிய பம்.

இவ்வளவுதான். இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தவுடன், கடிதங்களைத் தனித்தனியே வாசிக்கும்போது தெரியாத ஒன்று தெரிகிறது. மணல் என்ற கதை முதன்முதலாக வருவது ஜூலை 3இல். அதற்கு முன் பம் பதினான்கு நாட்கள் கடையிலேயே இருந்தது, அவர்கள் திறந்து பார்த்துச் சீலையும் மாற்றினார்கள். மணலினால் உள்ளே தேய்வு ஏற்பட்டிருந்தால் அன்று கண்டிருப்பார்கள், துண்டில் எழுதியிருப்பார்கள். பணம் திருப்பிக் கேட்ட பின்னர்தான் மணல் வந்தது. இதை விவசாயி வாதாடிச் சொல்லத் தேவையில்லை, திகதிகளே அதைச் சொல்கின்றன. "அவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட ஜூன் 14க்குக் கீழே ஜூலை 3 இருப்பது பலமானது.

மற்றொன்றும் தெரிகிறது. மே 6இல் வாங்கிய பம்முக்கு மூன்று மாதம் ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிகிறது. இந்தக் குடும்பம் ஜூலை 29 திங்கட்கிழமை முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கிழமை மிச்சம் இருக்கும். கம்பனியின் பதிலுக்காக இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதனால்தான் ஜூலை 12 கடிதத்தில் "விரைவில் பதில் தரவும்" என்று விடாமல் 14 நாள் என்று தவணை வைக்கப்பட்டது. தவணை கடந்தும் பதில் வராதது ஒரு நிகழ்ச்சி. அதற்கும் ஒரு திகதி கொடுத்து ஒரு வரி எழுத வேண்டும். பதில் வராததை எழுதாமல் விடுவதுதான் நாம் அதிகமாகக் காணும் குறை.

மூன்று மாதம் கடந்துவிட்டவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி வரும். சட்டம் பொருள் விற்ற நாளைச் சொல்வது போலவே சேவை வழங்கிய நாளையும் சொல்கிறது. திருத்தம் செய்து தந்ததும் ஒரு சேவை, அது ஜூன் 14இல் நடந்தது என்று எடுத்துச் சொல்ல இடமிருக்கிறது. ஏற்றுக்கொள்வார்கள் என்று நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் அப்படிச் சொல்வதற்குக்கூட வேலைத் துண்டும் அதில் திகதியும் வேண்டும். பம்மைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவோருக்கு அந்த வழியும் இல்லை. விற்பவர், வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று இதே சட்டம் சொல்வதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. கேட்பதற்கு வெட்கப்படுபவர்கள் எம்மிடையே அதிகம்.

சுருக்கம் எழுதும்போது எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம். ஒரு கடிதத்துக்கு மூன்று திகதிகள் இருக்கலாம்: கடிதத்தில் எழுதப்பட்ட திகதி, தபாலில் போட்ட திகதி, கையில் கிடைத்த திகதி. இவற்றைக் கலந்துவிட்டால் வரிசை குழம்பும், மறுபக்கத்தார் அதைக் காட்டி முழுவதையும் சந்தேகிப்பார்கள். நாம் அனுப்பிய கடிதத்துக்குத் தபாற் கந்தோர் துண்டில் உள்ள திகதியைப் போட வேண்டும். வந்த கடிதத்துக்கு அதில் உள்ள திகதியையும் கிடைத்த நாளையும் சேர்த்து, மேலே காட்டியபடி எழுத வேண்டும். கடிதம் வந்த அன்றே அதன் மூலையில் பென்சிலால் கிடைத்த நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால் பின்னர் யோசிக்கத் தேவையில்லை.

தமக்குப் பாதகமான வரியை மறைப்பது இன்னொரு பிழை. மேலே உள்ள உதாரணத்தில் ஜூன் 14இல் பம்மைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டது விவசாயிக்குச் சற்றுப் பாதகம்தான், "திருப்தியோடு எடுத்துச் சென்றார்" என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனாலும் அவர் அந்தத் துண்டைக் கொண்டுவந்து நீட்டும்போது, அது எமது பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் மற்ற வரிகளின் நம்பிக்கையும் போய்விடும். அதுபோலவே, மே 24க்கு "எழுத்தில் எதுவுமில்லை" என்று உள்ளபடி எழுதியிருப்பதையும் கவனிக்கவும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருந்தால் அவர் பெயரைச் சேர்க்கலாம். இல்லாத கடிதத்தை இருப்பதாகக் காட்டக் கூடாது.

ஒவ்வொரு வரியிலும் யார், என்ன செய்தார் என்பது மட்டும் போதும். கடிதத்தில் இருந்ததையெல்லாம் மீண்டும் எழுதினால் சுருக்கம் சுருக்கமாக இராது. முழுக் கடிதமும் இணைப்பாக இருக்கிறதே! வரிக்கு வரி இணைப்பு இலக்கத்தைப் போட்டு, அதே இலக்கத்தைப் பிரதியின் வலது மேல் மூலையில் பெரிதாக எழுதிவிட்டால் அலுவலர் தேட வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்த கடிதத்தை அப்படியே இணைத்து, அதன் கருத்தைத் தமிழில் ஒரு வரியில் சொல்லலாம். தமிழில் முறைப்பாடு கொடுக்க எமக்கு உரிமை உண்டு என்பதால் அதற்காக எவரிடமும் காசு கொடுத்து ஆங்கிலப் பெட்டிசம் எழுதுவிக்கத் தேவையில்லை.

எழுதி முடித்ததும், விடயம் தெரியாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு உயர்தர வகுப்புப் பிள்ளையிடம் என்றாலும் சரி, அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் தாளை வாங்கிவிட்டு, எப்போது வாங்கியது, கடைக்கு எப்போது முதலில் சொல்லப்பட்டது, கடைசியாக யார் பதில் சொல்லவில்லை என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை தடுமாறினால் எந்த வரி தெளிவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனியான இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று விலாசம். பற்றுச்சீட்டில் ஒரு விலாசம், இப்போது இருப்பது வேறு இடம். கம்பனி பழைய விலாசத்துக்கு எழுதிவிட்டு, "நாங்கள் பதில் போட்டோம், அவர் வரவில்லை" என்று சொல்லக் கூடும். ஆகவே விலாசம் மாறியவுடன் அதை எழுத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பையும் சுருக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். மற்றது, காகிதங்கள் தொலைந்துபோவது. 2011 ஜனவரி வெள்ளத்தில் பெட்டியோடு பத்திரங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கடிதம் தொலைந்தாலும் அது இருந்ததற்கான அடையாளம் வேறெங்காவது இருக்கும்: கடையின் அடிக்கட்டை, வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசியில் எடுத்த படம், அழைப்புகளின் பட்டியல். அரச அலுவலகம் ஒன்றுக்கு, உதாரணமாகக் கமநல சேவை நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதிய கடிதமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைச் சொல்ல வேண்டும். தனியார் கடைக்கு இச்சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. எதுவுமே கிடைக்காத திகதிக்கு "சுமார் மே மாதம் கடைசிக் கிழமை, நினைவிலிருந்து" என்று எழுதுவதே முறை.

இனி, மூன்று மாத நிபந்தனை பற்றி எமது மனதில் உள்ளதைச் சொல்லியே ஆகவேண்டும். மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் அது பொருந்தலாம், விவசாயிக்குப் பொருந்தவில்லை. விதை நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போகத்துக்காக ஒக்டோபர் முதலாம் திகதி விதை வாங்கி, மழை பார்த்து 25ஆம் திகதியளவில் விதைத்தால், மூன்றரை மாத நெல் கதிர் தள்ளுவது ஜனவரி முதற் கிழமைக்குப் பின்னர்தான். கலப்பு நெல் என்பது கதிர் வந்த பிறகுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அப்போது விற்ற நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்திருக்கும். குறை வெளிப்படுவதற்கு முன்பே முறைப்பாட்டுக் காலம் முடிகிறது என்றால் அந்த நிபந்தனையைத் திருத்த வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை? இந்தியாவின் நுகர்வோர் சட்டத்தில் பிணக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தேசிய விதைக் கூட்டுத்தாபனம் சம்பந்தப்பட்ட வழக்கில், குறையான விதை வாங்கிய ஆந்திர விவசாயிகளும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. விதையின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லையே என்று கூட்டுத்தாபனம் வாதிட்டபோது, விவசாயி விதை முழுவதையும் விதைத்துவிடுவான், மிச்சம் வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நிலத்தைப் பார்த்த விவசாய அலுவலர்களின் அறிக்கைகளே சான்றாயின. அத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விதை விடயத்தில் சுருக்கத்தின் நடுவே எந்த வரி இருக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது: விவசாயப் போதனாசிரியர் வயலுக்கு வந்து பார்த்த நாள், அவர் எழுதித் தந்தது. அறுவடை முடிந்தால் அதுவும் கிடைக்காது. விதை மூடையில் தைத்திருந்த துண்டையும் எறிந்துவிடக் கூடாது, அதில் உள்ள தொகுதி இலக்கம் பட்டியலின் முதல் வரிக்கு உரியது.

இந்த அதிகார சபை எல்லாப் பிணக்கையும் பார்ப்பதில்லை. மின்சாரப் பிணக்கு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும், வங்கிக் கடன் பற்றியது நிதி ஒம்புட்ஸ்மனுக்கும், காப்புறுதி மறுக்கப்பட்டது காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் போக வேண்டும். ஒம்புட்ஸ்மன்மார் இருவரும், முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். அதற்கான பதிலும் அதே ஒரு பக்கம்தான்.

முறைப்பாட்டை மட்டக்களப்பில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோவதானால் இரண்டு தொகுதி பிரதி கொண்டு செல்லுங்கள். மூலப்பத்திரங்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. விசாரணை நாளில் அவை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு தொகுதியை ஒப்படைத்து, மற்றதன் முதற் பக்கத்தில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாழைச்சேனைக்குத் திரும்பிவரும் பஸ்ஸிலேயே, வீட்டிலுள்ள கொப்பியில் அடுத்த வரியாக அந்தத் திகதியை எழுதிவிட முடியுமானால் மிக நல்லது.